முதலில் ஜேடி, பிறகு பேச்சு

ரெக்ரூட்டரின் முதல் செய்திக்கு, "முழு ஜேடியை அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாமா என்று சொல்கிறேன்" என்று பதில் போடுகிறவன் தலைக்கனம் பிடித்தவன் என்ற எண்ணம் ஐடி வட்டாரத்தில் ஊறிப்போயிருக்கிறது. ரெஸ்யூமே எழுதக் கற்றுத்தருகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஓஎம்ஆர் அலுவலகக் கேன்டீன்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்கிறார்கள். ஹெச்ஆர்காரர்களைக் கேட்கவே வேண்டாம். "முதலில் போனை எடு, பேசு, பிடிக்காவிட்டால் விட்டுவிடு" என்பதுதான் எல்லோரும் தரும் அறிவுரை. அது தவறு. தீங்கில்லாத தவறு என்றும் அதை விட்டுவிட முடியாது.

அவர்கள் தரப்பை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேடி என்பது பல நேரங்களில் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது. உண்மையான தேவை மேனேஜரின் மனதில் இருக்கிறது, அது பேச்சில்தான் வெளிவரும். ரெக்ரூட்டர் ஒரே இடத்துக்குப் பலரோடு பேசிக்கொண்டிருப்பவர். கேள்வி கேட்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். க்ளையன்ட்டின் பெயரை ஆரம்பத்திலேயே வெளியிட அவருக்கு அனுமதி இருக்காது. இந்த வேலை பொருந்தாவிட்டாலும் பேசி வைத்தால் அடுத்த வேலைக்கு அவர் நம்மை நினைவில் வைத்திருப்பார். கடைசியாக, பத்து நிமிடம் பேசுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

இவற்றில் எதுவும் அபத்தமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதை இந்த வாதங்களில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நமக்கு வரும் செய்திகளில் பெரும்பங்கு வேலை தரும் நிறுவனத்திலிருந்து வருவதில்லை. இடையிலிருக்கும் கன்சல்டன்சியிலிருந்து வருகிறது. நிறுவனம் ஒரே தேவையைப் பல கன்சல்டன்சிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவைக்கும். ஆளைச் சேர்த்துவிட்டவருக்கு மட்டும்தான் கூலி. இந்தியாவில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு 8.33 சதவீதம், அதாவது சேருகிறவரின் ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 24 லட்சம் சிடிசி என்றால் கன்சல்டன்சிக்கு 2 லட்சம். சேர்ந்தவர் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால் இலவசமாக மாற்று ஆள் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இரண்டாவதாக வந்தவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. இந்த ஏற்பாட்டில் ரெக்ரூட்டருக்கு விலைமதிப்புள்ள பொருள் ஒன்றுதான்: மற்ற கன்சல்டன்சிகளுக்கு முன்னால் க்ளையன்ட்டின் பெட்டியில் போய் விழும் உங்கள் ரெஸ்யூமே. இதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. அவருடைய டார்கெட் அப்படி. ஆனால் அவருடைய அவசரத்துக்குக் காரணம் தெரிந்தபிறகு, அதை நம்முடைய அவசரமாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1. "உங்களைத் தேடி வந்த வாய்ப்பு"

யார் தேடினார்கள்? நௌக்ரியின் ரெஸ்யூமே கிடங்கில், ரெஸ்டெக்ஸில், "ஜாவா, ஸ்ப்ரிங் பூட், 8 முதல் 12 வருடம், சென்னை" என்று அடித்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் உள்ளவர்களை மொத்தமாகக் குறித்து ஒரே செய்தியை அனுப்பலாம். உங்களுக்கு வந்த "உங்கள் ப்ரொஃபைல் எங்களை மிகவும் கவர்ந்தது" என்ற வரி அந்தப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போயிருக்கும். ஜாவா தெரிந்தவருக்கு ஜாவாஸ்க்ரிப்ட் வேலையும், எட்டு வருடம் டெஸ்டிங்கில் இருந்தவருக்கு டெவலப்பர் வேலையும் வருவது இப்படித்தான். மொத்தமாக அனுப்பியதற்குத் தனிப்பட்ட மரியாதை காட்டி உடனே போனை எடுக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கு? ஜேடி கேட்டு ஒரு வரி போட்டால், செய்தி மொத்தமாக வந்ததா, ரெஸ்யூமேயைப் படித்துவிட்டு வந்ததா என்பது அடுத்த பதிலிலேயே தெரிந்துவிடும். படித்துவிட்டு எழுதியவர் ஜேடியோடு, "உங்கள் பேமென்ட் ப்ராஜெக்ட் அனுபவத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்" என்று ஒரு வரியாவது சேர்ப்பார்.

2. "பத்து நிமிடம்தானே"

பத்து நிமிடத்தில் எவ்வளவு கைமாறுகிறது என்று பார்க்கலாம். மொத்த அனுபவம், தேவைக்கேற்ற அனுபவம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட், கையில் வேறு ஆஃபர் இருக்கிறதா, ஏன் மாறுகிறீர்கள், எந்த ஊர். முதல் அழைப்பில் வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை. எட்டுக் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைத்தது "முன்னணி எம்என்சி, நல்ல ப்ராஜெக்ட், பட்ஜெட் பிரச்சினை இல்லை" என்ற மூன்று துண்டுகள். போனை வைக்கும்போது உங்கள் சம்பளம் ஒரு எக்ஸெல் கட்டத்தில் ஏறியிருக்கிறது. அவருடைய பட்ஜெட் அவரிடமே இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சில ஊர்களில் சட்டமே கவனித்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2018 முதல் வேலைக்கு வருகிறவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. 2023 முதல் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை அறிவிப்பிலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். கொலராடோ அதற்கும் முன்பே, 2021இல், வரம்பைப் போடச் சொல்லிவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. மூன்று மாதப் பேஸ்லிப்பை அனுப்பச் சொல்வது இங்கே இயல்பான நடைமுறை. சட்டம் தராத பாதுகாப்பில் கொஞ்சத்தை நாமே எடுத்துக்கொள்ளும் வழி, நம்மைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேலையைப் பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்வது. இதைத் திமிர் என்கிறவர்கள், வேலை என்னவென்று சொல்லாமல் சம்பளத்தைக் கேட்பதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

3. "பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்"

விட்டுவிட முடியாது என்பதுதான் என் முக்கியமான மறுப்பு. கேன்டீன் அறிவுரையில் ஒருபோதும் வராத விஷயமும் இதுதான்.

கன்சல்டன்சி ஒருவரின் ரெஸ்யூமேயை க்ளையன்ட்டின் போர்ட்டலில் ஏற்றும்போது, அந்தப் போர்ட்டல் மின்னஞ்சல், கைபேசி எண், சில இடங்களில் பான் எண் ஆகியவற்றை வைத்து "இவர் ஏற்கெனவே வந்தவரா?" என்று பார்க்கிறது. புதியவர் என்றால், ஏற்றிய கன்சல்டன்சியின் பெயரில் அந்த ப்ரொஃபைல் பதிவாகும். ஒப்பந்தத்தைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ, சில இடங்களில் ஒரு வருடமோ, அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் அந்தக் கன்சல்டன்சி கொண்டுவந்த ஆள். அதற்குள் வேறு யார் உங்களை அனுப்பினாலும் "டூப்ளிகேட்" என்று திரும்பிவிடும்.

இதில் நஷ்டம் எங்கே வருகிறது? ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒரு கன்சல்டன்சி அழைக்கிறது. பெயர் சொல்லாத "முன்னணி வங்கி க்ளையன்ட்". நன்றாகப் பேசுகிறார்கள்; "ரெஸ்யூமே மட்டும் அனுப்பி வையுங்கள், பார்க்கலாம்" என்கிறார்கள். அனுப்புகிறார். வியாழக்கிழமை இன்னொரு கன்சல்டன்சி, "பெரிய ஃபைனான்ஸ் நிறுவனம்". அதற்கும் அனுப்புகிறார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே இடம். இரண்டு ரெஸ்யூமேயும் ஒரே போர்ட்டலில் மோதுகின்றன. முதலில் வந்தவருக்கே உரிமை என்று முடிப்பவர்கள் உண்டு. கூலித் தகராறு வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவைத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. இதற்குள் திங்கட்கிழமை கன்சல்டன்சி எதிர்பார்க்கும் சிடிசியை 24 என்றும், வியாழக்கிழமைக்காரர் 21 என்றும் போட்டிருந்தால், பார்க்கிறவருக்கு இவர் எப்படிப்பட்ட ஆளாகத் தெரிவார்? "தேர்வாகவில்லை" என்ற ஒற்றை வரி வரும், அல்லது எதுவுமே வராது. காரணத்தை யாரும் சொல்லப்போவதில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். அடுத்த மாதம் அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி, "எங்கள் டீமிலேயே இடம் இருக்கிறது, நான் ரெஃபர் செய்கிறேன்" என்கிறாள். மேனேஜரிடம் நேரே பேசி வைக்கக்கூடியவள். அவள் ரெஃபரல் ஏறாது. இவர் ஏற்கெனவே கன்சல்டன்சி வழியாக வந்தவர். அப்படியே எடுத்தாலும் நிறுவனம் கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதைத் தவிர்க்க, அந்தச் சுமை இல்லாத இன்னொருவரை எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபம். ஒரு பத்து நிமிடப் பேச்சும் "ரெஸ்யூமே மட்டும் அனுப்புங்கள்" என்ற ஒரு வரியும், ஒருவருக்கிருந்த நல்ல வழியை ஆறு மாதத்துக்கு அடைத்துவிட்டன.

ஜேடி இதை எப்படித் தடுக்கும்? பெயரை மறைத்திருந்தாலும் ஜேடியின் உடம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுபவ வரம்பு, ஊர், ஷிஃப்ட், ப்ராஜெக்டைப் பற்றிய இரண்டு வரி, கருவிகளின் பெயர்கள் வரும் வரிசை, ஏன், எழுத்துப்பிழைகள்கூட கன்சல்டன்சிக்குக் கன்சல்டன்சி மாறுவதில்லை. ஒரே மூலத்திலிருந்து நகல் எடுக்கிறார்கள் அல்லவா? வியாழக்கிழமை ஜேடியை திங்கட்கிழமை ஜேடியின் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சில ஜேடிகளில் நிறுவனத்தின் தேவை எண்ணே அழிக்கப்படாமல் இருக்கும். ஜேடியின் முதல் இரண்டு வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் சொந்த வேலைப் பக்கமே வந்து நிற்பதும் உண்டு. போனில் கேட்ட "முன்னணி வங்கி க்ளையன்ட்"டை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

4. "எடுத்த எடுப்பில் ஜேடி அனுப்பும் வழக்கமில்லை"

உண்டு. இந்தச் சென்னையிலேயே உண்டு. அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சிகள் இங்கே இரவு ஷிஃப்டில் நடக்கின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் டெக்சஸில் இருப்பவருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலைப் பார்த்திருக்கிறீர்களா? பதவி, ஊர், எத்தனை மாத ஒப்பந்தம், அதன் கீழே முழு ஜேடி. பல நேரங்களில் மணிக்கு எத்தனை டாலர் என்பதும் இருக்கும். அதன்பின் ரெஸ்யூமேயை க்ளையன்ட்டுக்கு அனுப்பும் முன், ஆர்டிஆர் என்று ஒரு சம்மத மடல் போகும். எந்த நிறுவனத்துக்கு, எந்த வேலைக்கு, என்ன விலைக்கு உங்களை முன்வைக்கிறோம் என்று அதில் எழுதி, "சம்மதம்" என்ற பதிலை எழுத்தில் வாங்குவார்கள். டூப்ளிகேட் தகராறில் அந்தப் பதில்தான் சாட்சி. இரவு பத்து மணிக்கு டெக்சஸ்காரருக்கு முடிகிற ஒன்று, காலை பத்து மணிக்குத் தாம்பரத்துக்காரருக்கு முடியாது என்றால், தடையாக இருப்பது தொழிலின் இயல்பு என்று எப்படி நம்புவது? அங்கே கேட்கிறார்கள், இங்கே கேட்பதில்லை.

5. "ஜேடி வெறும் வெட்டி ஒட்டல், அதைப் படித்து என்ன தெரியப்போகிறது?"

எதிர்த்தரப்பு வாதங்களில் எனக்கு மிகவும் மரியாதையுள்ளது இது. ஜேடிகளில் கணிசமானவை மோசமானவை என்பது உண்மை. ஆனால் மோசமான ஜேடியும் நிறையச் சொல்லும். ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

தாம்பரத்தில் குடியிருந்து சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவர். ஒன்பது வருட ஜாவா, இப்போது 19 லட்சம், நோட்டீஸ் பீரியட் 90 நாள். அவருக்கு வந்த செய்தி: "ஜாவா டெவலப்பர், 8 முதல் 12 வருடம், சென்னை, எம்என்சி, உடனடித் தேவை." அதில் மறுக்க எதுவுமில்லை. ஜேடி கேட்டார், வந்தது. மேல்பாதி எல்லா ஜாவா ஜேடியிலும் இருப்பதுதான்: ஸ்ப்ரிங் பூட், மைக்ரோசர்வீசஸ், காஃப்கா. "துடிப்பான குழு உணர்வு" என்பதைத் தாண்டி விடலாம். கண் நிற்க வேண்டியது அதன் கீழே. ஆங்குலரில் குறைந்தது நான்கு வருட அனுபவம் கட்டாயம். இவர் ஆங்குலரைத் தொட்டதே இல்லை. செய்தியில் சொன்ன ஜாவா வேலை, ஜேடியில் ஃபுல் ஸ்டாக் ஆகிவிட்டது. வேலை நேரம் மதியம் 2 முதல் இரவு 11. இடம் அம்பத்தூர், வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். சேர வேண்டிய காலம் உடனடி அல்லது அதிகபட்சம் 30 நாள். வேலை வகை 12 மாத ஒப்பந்தம், நீட்டிக்கலாம்.

கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். "ஒப்பந்தம்" என்றால் வேலை நியமனக் கடிதம் தருவது எம்என்சி இல்லை, கன்சல்டன்சி. பிஎஃப் கட்டுவது, மருத்துவக் காப்பீடு தருவது, சம்பளம் போடுவது எல்லாம் கன்சல்டன்சிதான். ப்ராஜெக்ட் முடிந்தால் எம்என்சி "போதும்" என்று சொல்லிவிடும். அதன்பின் உங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது கன்சல்டன்சியின் பாடு. தெரிந்தே இதை ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. சம்பளம் கூடுதலாக இருந்தால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் "எம்என்சியில் வேலை" என்று போனில் சொல்லிவிட்டு, பேரோல் யாருடையது என்பதை ஆஃபர் கடிதத்தில் காட்டுவது வேறு விஷயம்.

இவர் முதலில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோட்டீஸ் பீரியடைச் சொன்னதும் "அதைப் பேசிக்கொள்ளலாம் சார்" என்று பதில் வந்திருக்கும். ஆங்குலரைக் கேட்டால் "அடிப்படை தெரிந்தால் போதும்". பிறகு ஒன்றரை மணி நேர ஆன்லைன் டெஸ்ட், ஒரு மணி நேர முதல் சுற்று, அரை நாள் விடுப்பு போட்டு இரண்டாம் சுற்று. அங்கே மேனேஜர் முதல் கேள்வியாக ஆங்குலரைக் கேட்டிருப்பார். அதில் எப்படியோ தப்பித்திருந்தாலும், 90 நாள் என்றதும் கதை முடிந்திருக்கும். இதில் யாரும் பெரிய பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் மழுப்பினார்கள், அவ்வளவுதான். எழுத்தில் "அதிகபட்சம் 30 நாள்" என்று இருக்கும்போது மழுப்ப இடமில்லை.

ஜேடியே பொய்யாக இருந்தால்? அப்போதும் கையில் ஒரு தாள் இருக்கிறது. நேர்காணலில் "ஜேடியில் மதிய ஷிஃப்ட் என்று இருந்தது, இப்போது சுழல் ஷிஃப்ட் என்கிறீர்களே?" என்று கேட்கலாம். போனில் கேட்டதை வைத்து அப்படிக் கேட்டால், "அப்படி யார் சொன்னது?" என்பதுதான் பதில். சம்பள வரம்பு இல்லாத ஜேடி, உலகத்திலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே பத்தியில் அடுக்கிய ஜேடி, யாருக்குக் கீழே வேலை என்று சொல்லாத ஜேடி ஆகியவற்றுக்கும் பொருள் உண்டு. தேவை இன்னும் முடிவாகவில்லை, அல்லது ரெஸ்யூமே சேர்ப்பதற்காகவே செய்தி போயிருக்கிறது. எதுவாக இருந்தாலும் உங்கள் சம்பளத்தைச் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை.

6. "க்ளையன்ட் பெயர் ரகசியம்"

இருக்கட்டும். ஜேடி கேட்கிறவர் பெயரைக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னால் ஆள் நேரே போய் விண்ணப்பித்துவிடுவார், கூலி போய்விடும் என்ற பயம் கன்சல்டன்சிக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானதும்கூட. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்கே தெரியாமல் மாற்று ஆள் தேடும்போது ரகசியம் இன்னும் அவசியம். பெயரை அழித்துவிட்டு மீதியை அனுப்புவதில் எந்தத் தடையும் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ரெஸ்யூமே க்ளையன்ட்டுக்குப் போகும் முன் பெயர் தெரிந்தாக வேண்டும். மூன்றாவது மறுப்பில் சொன்ன சிக்கல் முழுவதும் அந்த ஒரு படியில்தான் இருக்கிறது. அப்போதும் பெயரைச் சொல்லாதவர், நீங்கள் எங்கே நிறுத்தப்படுகிறீர்கள் என்பதை உங்களிடமே மறைக்கிறார்.

7. "வேலை இருக்கிறவன் கேட்கலாம், இல்லாதவன் கேட்க முடியுமா?"

ஆட்குறைப்பில் வேலை போனவர், கல்லூரி முடித்து ஒரு வருடமாக அலைகிறவர் ஆகியோருக்கு இது உண்மையான கேள்வி. அவர்களுக்குப் பேரம் பேசும் வலு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். போன் வந்தால் எடுக்கட்டும், பேசட்டும். ஆனால் பேசி முடித்ததும், ரெஸ்யூமேயை அனுப்பும் முன், ஜேடியைக் கேட்பது அவர்களுக்குத்தான் இன்னும் அவசியம். வலு இல்லாதவரைத் தேடித்தான் ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள்.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்" வேலை என்று சமூக ஊடகங்களிலும் ஏஜென்ட்கள் மூலமும் ஆசை காட்டி, ஐடி படித்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலைகளைச் செய்ய வைக்கிறார்கள் என்பது அதன் உள்ளடக்கம். அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஜேடி கேட்டிருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். போலி ஜேடி தயாரிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் எந்த நிறுவனம், எந்த ஊர், என்ன வேலை என்பது எழுத்தில் இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்கவாவது முடியும். உள்ளூர் மோசடியும் இப்படியே நடக்கிறது: லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், பின்னணிச் சோதனைக்கு முன்பணம். இவர்கள் வேலையைப் பற்றி எழுதித் தர மாட்டார்கள். பணம் கட்ட வேண்டிய கணக்கை மட்டும் தெளிவாக எழுதித் தருவார்கள்.

இந்தப் பழக்கம் பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பின் நிறுவனரே எழுதினால் அவரிடம் ஜேடி இருக்காது. பேசித்தான் வேலையே உருவாகும். வைஸ் பிரெசிடென்ட் மட்டத்தில் ஆள் தேட நிறுவனம் முன்பணம் கொடுத்து ஒரே ஒரு தேடல் நிறுவனத்தை அமர்த்தியிருந்தால், முதல் பேச்சு ரகசியமாகத்தான் நடக்கும். அங்கே போர்ட்டலில் முந்தும் அவசரமும் கிடையாது. நிறுவனத்தின் சொந்த ஹெச்ஆரே எழுதும்போது டூப்ளிகேட் ஆபத்தும் குறைவு. விதிவிலக்குகள் இவை. நமக்கு வரும் செய்திகளில் இவை எத்தனை என்பதை அவரவர் இன்பாக்ஸைத் திறந்து எண்ணிக்கொள்ளலாம்.

8. "உறவு கெட்டுவிடும்"

கேட்கும் விதத்தில் கெடலாம். "ஜேடி?" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். பதில் இப்படி இருக்கட்டும்: "வணக்கம் மேடம். தொடர்புகொண்டதற்கு நன்றி. முழு ஜேடியை அனுப்புங்கள். அதில் இல்லாவிட்டால் வேலை இடம், ஷிஃப்ட், யாருடைய பேரோல், பட்ஜெட் வரம்பு, எத்தனை நாளில் சேர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். க்ளையன்ட் பெயரை இப்போது மறைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு நாளை மாலைக்குள் பதில் சொல்கிறேன். என் நோட்டீஸ் பீரியட் 90 நாள்." இதில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் ஒரு கெடுவும் போகின்றன. நோட்டீஸ் பீரியடை முதலிலேயே சொல்வதில் உங்களுக்கு நஷ்டமில்லை. பொருந்தாவிட்டால் அவரும் அங்கேயே நிறுத்திக்கொள்வார். சம்பளத்தைச் சொல்லவில்லை, ரெஸ்யூமேயை இணைக்கவில்லை.

ஜேடி வந்தால், சொன்ன கெடுவுக்குள் பதில் போட வேண்டும். கேட்டு வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். ரெக்ரூட்டர்கள் ஜேடி அனுப்பத் தயங்குவதற்கு அவர்களும் ஒரு காரணம். பொருந்தினால் பேசும் நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் கேள்விகள் ஜேடியின் வரிகளிலிருந்தே வரும். பொருந்தாவிட்டால் எது பொருந்தவில்லை என்று ஒரு வரி: "ஆங்குலர் தெரியாது, ஒப்பந்த வேலை வேண்டாம், ஓஎம்ஆர் பக்கம் நிரந்தர ஜாவா வேலை என்றால் சொல்லுங்கள்." எக்ஸெலில் உங்கள் பெயருக்கு எதிரே அந்த வரி ஏறும். பத்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு, அடுத்த அழைப்பை எடுக்காமல் விட்டவரின் பெயருக்கு எதிரே "ஆர்வமில்லை" என்று மட்டும்தான் ஏறும். ஜேடி வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லை என்றால், அது அந்தப் பட்டியலுக்கு மொத்தமாகப் போன செய்திகளில் ஒன்று.